பத்தியாளர் என்னதான் சொல்கிறார்?

நாளிதழின் நடுப்பக்கத்தில் வரும் ஒரு பத்தியை நிதானமாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆனால் அதைப் படிக்க வேண்டியவர்களில் பலருக்கு இன்று அது நாளிதழாக வருவதில்லை, கைப்பேசியில் யாரோ எடுத்த படமாக வருகிறது. மடிப்பு விழுந்திருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஒரு மூலையில் எடுத்தவரின் கைநிழல் கிடக்கும். கூடவே ஒரு வேண்டுகோளும் வரும்: "இதுல என்ன சொல்லியிருக்காருன்னு நாலு வரியில சொல்லுங்க." மாவட்ட அலுவலகங்களில் காலையில் செய்தித் துணுக்குகளைத் தொகுப்பவர், தொழிற்சங்க அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவர், போட்டித் தேர்வுக்குச் சேர்ந்து படிக்கும் நண்பர்களுக்குக் குறிப்பு எடுத்துத் தருபவர் என்று இந்த நாலு வரியை எழுதுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

அந்த நாலு வரியைப் படிப்பவர் பெரும்பாலும் மூலத்தைத் திறந்து பார்ப்பதில்லை. மேசையில் இருப்பது குறிப்பு மட்டுமே என்பதால், பத்தியாளர் சொன்னதாகக் குறிப்பில் இருப்பதே அவர் சொன்னதாகிவிடுகிறது. அவர் "இதற்கும் இடம் உண்டு" என்று எழுதியிருக்க, குறிப்பில் "இது வேண்டாம்" என்று பதிவானால், அதைத் திருத்த அவருக்கு வழியே கிடையாது. தன் பெயரில் அப்படியொரு குறிப்பு உலவுவதுகூட அவருக்குத் தெரியாது. அதனால்தான் சின்ன வேலையாகத் தெரிந்தாலும் இதில் இத்தனை கவனம் தேவை என்கிறேன்.

மூன்று விஷயங்களைத்தான் குறிப்பு சொல்ல வேண்டும். பத்தியாளர் முன்வைக்கும் கருத்துகள் என்ன, ஒவ்வொன்றுக்கும் அவர் காட்டும் ஆதாரம் என்ன, எல்லாம் சேர்ந்து அவர் எங்கே நிற்கிறார், எவ்வளவு அழுத்தமாக நிற்கிறார். சொல்வதற்கு எளிது. எங்கே வழுக்கும் என்று பார்க்க ஒரு பத்தியையே எடுத்துக்கொள்வோம். யாரோ எழுதியதை எடுத்து அலசுவதைவிட, இதற்காக நானே ஒரு மாதிரிப் பத்தியை எழுதிக்கொண்டேன். அதில் வரும் ஆண்டுகளும் ஆலைகளின் அளவுகளும் மெய்யானவை. பத்தியாளரும், அவர் தன் தெருவில் எடுத்ததாகச் சொல்லும் கணக்கும் மட்டும் கற்பனை.

பத்தியின் தலைப்பு ‘கூரையை மறந்து கடலைத் தேடுகிறோம்’. சென்னையின் குடிநீர் பற்றியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டதையும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியதையும் நினைவூட்டித் தொடங்குகிறது. எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று 2003-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்ததை அடுத்துச் சொல்கிறது. அன்று கட்டிய உறைகிணறுகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்பது பத்தியாளரின் முதல் கருத்து. தன் தெருவில் பார்த்த 22 வீடுகளில் 15 வீடுகளின் குழிகள் அடைபட்டிருந்தன என்கிறார்.

பிறகு மாற்றுக் கருத்தை எடுத்துக்கொள்கிறார். சில வாரங்களிலேயே மழை கொட்டித் தீர்த்துவிடும் ஊரில் கூரைநீரை நம்ப முடியாது, கடல் எப்போதும் இருக்கிறது, ஆகவே கடல்நீரைக் குடிநீராக்குவதே நிலையான வழி என்று ஒரு பாரா ஓடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு கணக்கு: சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது, 1,000 சதுர அடிக் கூரையில் சேதாரம் போக 1 லட்சம் லிட்டர் விழும். மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்ததையும், நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இரண்டாவது ஆலை 2024-இல் திறக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும் என்கிறார். முடிவில் கோரிக்கை: வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி ஆண்டுதோறும் எல்லா வீடுகளின் சேகரிப்பு அமைப்புகளையும் ஆய்வு செய்து, வார்டு வாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும். அடியில் பொடி எழுத்தில் ‘கட்டுரையாளர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்’ என்று இருக்கிறது.

இதுதான் அச்சில் இருப்பது. நம் கைக்கு வந்த படத்தில் இவ்வளவும் இல்லை. பக்கத்தின் தலைவரி, அதாவது நாளிதழின் பெயரும் தேதியும் இருக்கும் மேல்விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. பத்தி நான்கு காலங்களில் ஓடுகிறது. மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு பட்டையையும் செய்தி அறையில் ‘காலம்’ என்பார்கள். படம் எடுத்தவர் நான்காவது காலத்தின் தலைப்பகுதியில் இரண்டு வரியை விட்டுவிட்டார். நடுவே மடிப்பு விழுந்த இடத்தில், 15 கோடி என்பதில் இரண்டாவது இலக்கம் கரைந்திருக்கிறது.

எனவே சுருக்குவதற்கு முன் வாசிப்பதே ஒரு வேலை. முதலில் படத்தைப் பெரிதாக்காமல் முழுப் பக்கமாகப் பார்த்து, எது பத்தி, எது பத்தி அல்ல என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நடுவில் கட்டம் போட்டு பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பத்தியிலிருந்தே எடுத்த வரி. அதைத் தனிக் கருத்தாக எண்ணி இரண்டாவது முறை எழுதிவிடக் கூடாது. ஓரத்துப் பெட்டிச் செய்தி வேறொருவர் எழுதியதாக இருக்கலாம். கீழே ‘தொடர்ச்சி’ என்று ஒரு பக்க எண் இருந்தால் நம்மிடம் இருப்பது பாதிதான். பத்தி எந்தக் காலத்திலிருந்து எந்தக் காலத்துக்குத் தாவுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. நடுவில் புகைப்படமோ விளம்பரமோ இருந்தால், கண் அடுத்த காலத்துக்குப் பதில் படத்துக்குக் கீழே இறங்கிவிடும். வாக்கியங்கள் எப்படியோ ஒட்டிக்கொண்டு அர்த்தம் தருவதுபோலவும் தோன்றும்.

அடுத்தது எழுத்து. மங்கிய படத்தில் தமிழ் எழுத்துக்கு என்று சில இடர்கள் உண்டு. துணைக்கால் ரகரமாகத் தெரியும், ரகரம் துணைக்காலாகத் தெரியும். புள்ளிகள் காணாமல் போகும். மெல்லிய செய்தித்தாளில் பின்பக்கத்து மை ஊடுருவித் தெரிவதால் இல்லாத புள்ளிகள் முளைப்பதும் உண்டு. சொற்களில் இது பெரிய தொல்லை இல்லை, வாக்கியத்தின் பொருள் கைகொடுத்துவிடும். எண்களில்தான் ஆபத்து. 1-க்கும் 7-க்கும், 3-க்கும் 8-க்கும் இடையில் எது என்று சொல்ல வாக்கியம் உதவாது. எந்த எண்ணைப் போட்டாலும் வாக்கியம் ஒழுங்காகத்தான் நிற்கும்.

நம் படத்தில் கரைந்த இலக்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘நெம்மேலியிலேயே 1▒ கோடி லிட்டர்’ என்று தெரிகிறது. முந்தைய வரியில் இரண்டு ஆலைகளுக்கும் 10 கோடி என்று வருவதால், இதையும் 10 என்று நிரப்பக் கை துடிக்கும். அது தவறு. இரண்டாவது நெம்மேலி ஆலையின் அளவு 15 கோடி என்று நமக்குத் தெரிந்திருந்தாலும், அதைப் பத்தியாளர் சொன்னதாக எழுதுவதும் முறையல்ல. அவர் 15 என்றுதான் எழுதினாரா, தவறுதலாக வேறு எண்ணை எழுதினாரா என்பது படத்திலிருந்து தெரியாது. குறிப்பில் ‘எண் தெளிவாக இல்லை’ என்று போட்டு, தேவையானால் ‘ஆலையின் அளவு 15 கோடி லிட்டர் (நாம் சரிபார்த்தது)’ என்று தனியே எழுதுவதுதான் நேர்மையான வழி. பத்தியில் இருப்பது ஒரு பக்கம், நமக்குத் தெரிந்தது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலக்கவே கூடாது.

படத்தில் இருக்கும் இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மூன்றாவது காலத்தின் கடைசி வரி இப்படி முடிகிறது: ‘கடல்நீர் ஆலைகளே வேண்டாம் என்று நான் சொல்ல’. நான்காவது காலத்தின் முதல் வரி ‘வில்லை’ என்று தொடங்க வேண்டும். அதைத் தொடர்ந்து, ‘கூரைநீரைப் பிடித்த பிறகும் போதாத தேவைக்கு ஆலைகள் இருக்கட்டும்’ என்ற வாக்கியமும் வர வேண்டும். வெட்டுப்பட்ட இரண்டு வரிகளும் இவைதான். தமிழ் நாளிதழ்களில் சொல்லை வரி இறுதியில் உடைக்கும்போது கோடு போடுவதில்லை. அதனால் ‘சொல்ல’ என்பதற்குப் பின் ஏதோ இருக்கிறது என்ற அடையாளமே கண்ணில் படாது. அவசரமாகப் படிப்பவர் ‘ஆலைகளே வேண்டாம் என்று நான் சொல்ல’ வரை வந்து, அடுத்த வரி வேறு ஏதோவாகத் தொடர்வதைப் பார்த்து, ‘ஆலைகள் வேண்டாம் என்கிறார்’ என்று முடிவு கட்டிவிடுவார். தலைப்பும் அதற்குத் தோதாக ‘கடலைத் தேடுகிறோம்’ என்று சலித்துக்கொள்கிறது. முழுப் பத்தியும் தலைகீழாகிவிட்டது.

இது அபூர்வமான விபத்து அல்ல. தமிழ் வாக்கியத்தின் முடிவு கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. உண்டா இல்லையா, வேண்டுமா வேண்டாமா, நடந்ததா நடந்திருக்கலாமா என்பதெல்லாம் இறுதி வினைக்காகக் காத்திருக்கும். இதைச் சொல்வது யார் என்பதும் அங்கேதான். ஆறு வரி நீளும் ஒரு வாக்கியம் ‘என்கிறார்கள்’ என்று முடியும்போதுதான் அது பத்தியாளரின் கருத்தல்ல, பிறருடையது என்று தெரியும். ‘தூர்ந்துவிட்டதாம்’ என்பதில் ஒட்டியிருக்கும் அந்த ‘ஆம்’ காதில் விழுந்த செய்தி என்று பொருள் தருகிறது, அது போனால் நேரில் கண்டதாகிவிடும். படத்தின் ஓரம் வெட்டும்போது பெரும்பாலும் வெட்டுப்படுவது வரியின் முடிவுதான். ஆகவே காலத்தின் வலது ஓரமும் அடிவிளிம்பும் முழுமையாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் நான் படிக்கவே தொடங்குவேன்.

முழுமையாக இல்லை என்றால், முடிந்தால் மறுபடி படம் கேட்பதே சரி. நாளிதழைத் தரையிலோ மேசையிலோ மடிப்பில்லாமல் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் பின்பக்கத்து மை தெரிவது குறையும். ஒரே படத்தில் அடக்க முயல்வதைவிட, சில வரிகள் இரண்டிலும் வருமாறு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படங்களாக எடுப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். மறு படம் கிடைக்காவிட்டால், விடுபட்ட இடத்தைக் குறிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் மாதிரியில் மறு படம் கிடைத்து, ‘வில்லை’யும் அதை அடுத்த வாக்கியமும் கைக்கு வந்துவிட்டன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். மடிப்பில் கரைந்த இலக்கம் மட்டும் இரண்டாவது படத்திலும் தெளியவில்லை, தலைவரியும் வரவில்லை.

இனிக் கருத்தைப் பிரிப்பது. பத்தியாளர் சொல்வதையும் அவர் பிறர் வாயாகச் சொல்வதையும் பிரிப்பதுதான் இதில் கடினமான இடம். நல்ல பத்தியாளர் மாற்றுக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துச் சொல்வார். ‘கடல் எப்போதும் இருக்கிறது’ என்ற பாராவை அவர் நம்பிக்கையோடு எழுதியிருப்பதால், அதை மட்டும் தனியே படித்தால் கடல்நீர் ஆலைகளின் ஆதரவாளர் என்றே தோன்றும். அதற்கு அடுத்த பாரா ‘உண்மைதான், ஆனால்’ என்று தொடங்குகிறது. இந்த ‘ஆனால்’, ‘இருந்தபோதிலும்’, ‘என்றாலும்’ ஆகியவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு முன்னால் வருவது அவர் விட்டுக்கொடுப்பது, பின்னால் வருவது அவர் விட்டுக்கொடுக்காதது. குறிப்பில் இரண்டுக்குமே இடம் வேண்டும். விட்டுக்கொடுத்ததை விட்டுவிட்டால் அவரை முரடராக்கிவிடுவோம்.

கேலியாகவும் கேள்வியாகவும் வருபவை இன்னொரு கண்ணி. ‘இரண்டு நாள் மழையில் தெருவெல்லாம் வெள்ளம், அடுத்த மார்ச்சில் லாரித் தண்ணீர். எவ்வளவு அருமையான நிர்வாகம்!’ என்று அவர் எழுதினால், ‘நிர்வாகத்தைப் பாராட்டுகிறார்’ என்று யாரும் எழுத மாட்டார்கள்தான். ஆனால் ‘மாநகராட்சிக்கு இதில் அக்கறை இருக்கிறதா?’ என்ற கேள்வியை ‘மாநகராட்சிக்கு அக்கறை இல்லை என்று குற்றம்சாட்டுகிறார்’ என்று எழுதுவதற்கு முன் நின்று யோசிக்க வேண்டும். சில பத்தியாளர்கள் விடை தெரிந்தே கேட்கிறார்கள், சிலர் உண்மையாகவே கேட்கிறார்கள். பத்தியின் பிற இடங்களில் அந்தக் குற்றச்சாட்டு நேராக வந்திருந்தால் அப்படி எழுதலாம். இல்லாவிட்டால் ‘கேள்வி எழுப்புகிறார்’ என்பதே பாதுகாப்பு.

ஆதாரத்தைப் பதிவு செய்வதில் நான் மிகவும் கண்டிப்பு. ‘ஆதாரங்களுடன் விளக்கியுள்ளார்’ என்ற வரி எந்தக் குறிப்பிலும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எந்தக் கருத்துக்கு எந்த ஆதாரம் என்று சொல்லாவிட்டால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. நம் பத்தியில் உள்ளவற்றைப் பாருங்கள். உறைகிணறுகள் தூர்ந்துவிட்டன என்ற கருத்து சென்னை முழுவதையும் பற்றியது, அதற்கு அவர் தருவது ஒரு தெருவில் 22 வீடுகளின் கணக்கு. குறிப்பில் ‘15 வீடுகளில் அடைப்பு’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘தன் தெருவில் தானே பார்த்த 22 வீடுகளில்’ என்பதும் சேர வேண்டும். ‘மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அடைப்பு’ என்று நாமே விகிதமாக மாற்றினால், ஒரு தெருவின் கணக்கு நகரத்தின் கணக்காக வேடம் மாறிவிடும். பத்தியாளர் செய்யாத தவறை நாம் அவருக்காகச் செய்து கொடுத்ததாகிவிடும்.

கூரைநீர்க் கணக்கு வேறு வகை ஆதாரம். அதை நாமே போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். அதன்மேல் 1,400 மில்லிமீட்டர், அதாவது 1.4 மீட்டர் மழை பெய்தால் 130 கன மீட்டர், லிட்டரில் 1 லட்சத்து 30 ஆயிரம். சேதாரம் போக 1 லட்சம் என்று அவர் சொல்வது பொருந்துகிறது. எனவே குறிப்பில் ‘கணக்குப் போட்டுக் காட்டுகிறார்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது என்பதில் கவனம் வேண்டும். கூரையில் விழும் நீரின் அளவைத்தான் காட்டுகிறது. குழிவழியே மண்ணுக்குள் போகும் நீரில் எவ்வளவு மறுபடி கிணற்றிலோ போரிலோ ஏறிவரும் என்பதைப் பத்தி பேசவே இல்லை. இதை எப்படிப் பதிவு செய்வது? ‘இந்தக் கணக்கு தவறு’ என்று எழுதினால் அது விமர்சனம், அதுவும் நியாயமற்ற விமர்சனம். ‘திரும்பக் கிடைக்கும் அளவைப் பத்தி குறிப்பிடவில்லை’ என்று எழுதினால் அது தகவல். மூலத்தைத் திறக்காத வாசகருக்கு இந்தத் தகவல் மிகவும் தேவை.

மின்சாரச் செலவுக்கு அவர் எண்ணைத் தருகிறார், எங்கிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. நாளிதழ்ப் பத்திகளில் இடம் குறைவு என்பதால் இது சகஜம். குறை கூறும் தொனி இல்லாமல் ‘மூலம் குறிப்பிடவில்லை’ என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடலாம். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர் என்பதும் குறிப்பில் வர வேண்டும். அது தனி ஆதாரம் அல்ல. ஆனாலும் எந்த அனுபவத்திலிருந்து பேசுகிறார் என்பதை வாசகர் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. படத்தில் அடிக்குறிப்பைப் பலரும் பார்ப்பதே இல்லை.

கடைசியாக நிலைப்பாடு. இதைத் தலைப்பிலிருந்து எடுக்கவே கூடாது. நாளிதழ்களில் தலைப்பு பெரும்பாலும் பத்தியாளர் வைப்பதல்ல, உதவி ஆசிரியர் மேசையில் வைப்பது. இடத்துக்குத் தக்கபடி, கண்ணைப் பிடிக்கும்படி இருக்க வேண்டும் என்பது அவர் வேலை, அதனால் அது பத்தியைவிட ஒரு படி காரமாகவே இருக்கும். நிலைப்பாடு இருக்கும் இடம் கோரிக்கை வரும் பாரா. அங்கே வரும் வினைமுற்றைப் பார்க்க வேண்டும். ‘ஆய்வு செய்ய வேண்டும்’ என்பதும், ‘ஆய்வு செய்யலாம்’ என்பதும், ‘ஆய்வு செய்வது பற்றி யோசிக்கலாம்’ என்பதும் மூன்று வெவ்வேறு நிலைப்பாடுகள். அவர் எந்த அளவில் சொன்னாரோ அந்த அளவில்தான் நாமும் நிறுத்த வேண்டும்.

நாம் அவருக்குச் சூட்டும் வினைச்சொற்களும் அப்படித்தான். ‘நிரூபிக்கிறார்’ என்றால் நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘புலம்புகிறார்’ என்றால் தாழ்த்தியதாகிவிடும். ‘அம்பலப்படுத்துகிறார்’ என்பதில் ஏதோ மறைக்கப்பட்டிருந்தது என்ற தீர்ப்பே ஒளிந்திருக்கிறது. ‘கூறுகிறார்’, ‘வாதிடுகிறார்’, ‘கோருகிறார்’, ‘ஒப்புக்கொள்கிறார்’ ஆகிய நான்கும் கிட்டத்தட்ட எல்லாப் பத்திகளுக்கும் போதும். குறிப்பு சற்று வறண்டுதான் போகும், போகட்டும்.

அவசரத்தில் எழுதிய குறிப்பு எப்படி இருக்கும் என்பதை முதலில் பாருங்கள்:

‘சென்னையில் மழைநீர் சேகரிப்புத் திட்டம் தோல்வியடைந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் குழிகள் அடைபட்டுள்ளன. மின்சாரத்தை விழுங்கும் கடல்நீர் ஆலைகளைக் கைவிட வேண்டும் என்று பொறியாளர் ஒருவர் ஆதாரங்களுடன் நிரூபித்துள்ளார்.’

படிக்க எவ்வளவு சரளமாக இருக்கிறது! முதல் வாக்கியம் யாருடைய கருத்து என்றே இல்லை, நடந்த உண்மைபோல் நிற்கிறது. அதுவும் பத்தியில் இல்லாத கருத்து, பராமரிப்பு இல்லை என்றுதான் அவர் சொன்னாரே தவிரத் திட்டம் தோற்றது என்று சொல்லவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் தெரு நகரமாகிவிட்டது. மூன்றாவதில் ‘வில்லை’ தொலைந்துவிட்டது. உண்மையான கோரிக்கையான ஆண்டு ஆய்வு எங்குமே இல்லை.

இனி நான் எழுதுவது:

‘பத்தி: “கூரையை மறந்து கடலைத் தேடுகிறோம்”. எழுதியவர் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர். நாளிதழின் பெயரும் தேதியும் படத்தில் இல்லை, 2024-இல் திறந்த ஆலையைப் பற்றிப் பேசுவதால் அதற்குப் பிந்தையது.

கருத்தும் ஆதாரமும்: 2003 சட்டத்தின்படி கட்டிய மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் பராமரிப்பின்றித் தூர்ந்துவிட்டதாகக் கூறுகிறார். தன் தெருவில் பார்த்த 22 வீடுகளில் 15-இல் அடைப்பு இருந்தது என்பது சான்று, நகர அளவிலான தரவு இல்லை. கூரைநீரை நம்ப முடியாது என்ற வாதத்தை எடுத்துச் சொல்லி மறுக்கிறார்: 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் விழும் என்று கணக்குக் காட்டுகிறார். அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று குறிப்பிடவில்லை. கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும் என்கிறார், மூலம் குறிப்பிடவில்லை.

நிலைப்பாடு: கடல்நீர் ஆலைகளை எதிர்க்கவில்லை, கூரைநீருக்குப் பிறகான தேவைக்கு அவை இருக்கட்டும் என்கிறார். பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் மாநகராட்சி ஆய்வு செய்து வார்டு வாரியாக முடிவுகளை வெளியிட வேண்டும் என்று அழுத்தமாகக் கோருகிறார்.

படம் பற்றி: நெம்மேலி இரண்டாவது ஆலையின் அளவு மடிப்பில் தெளிவாக இல்லை.’

முதல் குறிப்பைவிட இது நீளம்தான். ஆனாலும் முழுப் பத்தியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். ரயில் தண்ணீரும் வறண்ட ஏரிகளும் இதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை பத்தியின் மிக நல்ல வரிகள், வாசகர் மனத்தில் நிற்பவையும் அவைதான். ஆனால் அவை வாதத்துக்கு முன்னுரைதான், எந்தக் கருத்தையும் தாங்கி நிற்கவில்லை. எடுத்துவிட்டால் வாதம் சிறிதும் அசையாது. எதை விடலாம் என்று தெரியாமல் தடுமாறும்போது இதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்: இதை எடுத்துவிட்டால் பத்தியாளரின் முடிவு பலம் குறைகிறதா? குறைந்தால் வைக்க வேண்டும், இல்லையென்றால் மனம் வலித்தாலும் விட வேண்டும்.

எழுதி முடித்ததும் குறிப்பை ஒருமுறை படத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இம்முறை பத்தியிலிருந்து குறிப்புக்குப் போகாமல், குறிப்பிலிருந்து பத்திக்குப் போவது நல்லது. குறிப்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் விரல் வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். விரல் வைக்க இடம் கிடைக்காத வாக்கியம் நம் தலையிலிருந்து வந்தது. எண்களை மட்டும் தனியாக, கடைசியில் ஒருமுறை.

சில சமயம் மேலதிகாரி அதையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வரி போதுமே" என்பார். அப்போது முதலில் விடைபெற வேண்டியது ஆதாரத்தின் விவரம், ஆதாரத்தின் வகை அல்ல. கடைசிவரை நிற்க வேண்டியது நிலைப்பாடும், அதன் வரம்பும். நம் பத்திக்கு இப்படி வரும்: ‘மழைநீர் சேகரிப்பு அமைப்புகளை மாநகராட்சி ஆண்டுதோறும் ஆய்வு செய்து முடிவுகளை வெளியிட வேண்டும் என்று, தன் தெருவில் பார்த்ததையும் கூரைநீர்க் கணக்கு ஒன்றையும் வைத்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கோருகிறார். கடல்நீர் ஆலைகளை அவர் எதிர்க்கவில்லை.’